ஊர்ச் செய்தியை ஆறு வரியில் ஆசிரியரிடம் சொல்வது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்மாவட்ட நாளிதழ் ஒன்றின் மாவட்டப் பக்க மேசையில் பல வருடம் இருந்தவன் நான். எழுதிப் பழகும் தம்பி தங்கைகள் என்னிடம் கேட்கிற கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். பேச்சு அந்தரத்தில் நிற்கக் கூடாது என்பதால் ஒரே ஒரு கண்மாயை எடுத்துக்கொண்டு கடைசி வரை அதையே பார்ப்போம். கண்மாயும் அதன் எண்களும் எடுத்துக்காட்டுக்காக நான் கட்டியவை. விதிமுறைகள் மட்டும் நிஜம்.

எங்கள் ஊர்க் கண்மாய் பற்றி ஒரு செய்தி இருக்கிறது. ஆசிரியருக்கு எவ்வளவு எழுதி அனுப்ப வேண்டும்?

ஐந்தாறு வரி போதும். கைப்பேசித் திரையை மேலே தள்ளாமல் படித்து முடிக்க முடிய வேண்டும். மாவட்டப் பக்கம் பார்ப்பவர் உங்கள் செய்தியை இரண்டு தொலைபேசி அழைப்புகளுக்கு நடுவில்தான் படிப்பார். அந்த நேரத்தில் அவருக்கு ஒரே ஒரு முடிவுதான் எடுக்க வேண்டியிருக்கிறது: இதற்கு இடமும் ஆளும் ஒதுக்கலாமா, வேண்டாமா?

சிலர் முழுக் கட்டுரையையும் எழுதி அனுப்பிவிடுவார்கள். 800 சொல் வந்து விழுந்தால் "ராத்திரி பார்த்துக்கலாம்" என்று ஒதுக்கி வைப்பேன். அந்த ராத்திரி வந்ததே இல்லை. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் நடந்தது அதுதான்.

"எங்கள் ஊர்க் கண்மாய் பராமரிப்பின்றிப் பாழாகிறது, விவசாயிகள் வேதனை" என்று எழுதினேன். பதிலே இல்லை. ஏன்?

அந்த வரியை எந்த ஊருக்கும் போடலாம், எந்த வருடத்துக்கும் போடலாம். சிவகங்கை, ராமநாதபுரம் பக்கம் கண்மாய் இல்லாத ஊர் குறைவு. சீமைக்கருவேலம் மண்டாத கண்மாய் அதைவிடக் குறைவு. மேசையில் இருப்பவர் அந்த வரியை வாரத்துக்கு நாலு தடவை பார்க்கிறார். நீங்கள் சொன்னது ஒரு நிலைமை. பத்து வருடமாக அப்படியே இருக்கும் நிலைமையை இன்றைக்கு ஏன் போட வேண்டும் என்று அவர் கேட்பார். அதற்கு உங்கள் வரியில் பதில் இல்லை.

"வேதனை" என்ற சொல்லும் உதவாது. யாருக்கு, எத்தனை பேருக்கு, என்ன போனது என்று சொன்னால் வேதனை தானாகத் தெரியும். அந்தச் சொல்லைப் பார்த்தாலே எழுதியவரிடம் விவரம் இல்லை என்று நினைத்துக்கொள்வது எங்கள் மேசையின் பழக்கம்.

அப்படியானால் என் கண்மாயில் செய்தி எங்கே இருக்கிறது? அதை எப்படிக் கண்டுபிடிப்பது?

ஆறு வரிக்குப் பின்னால் ஒரு வார அலைச்சல் இருக்கும். கண்மாயை வைத்தே பார்ப்போம்.

முதலில் கரைமேல் நடந்து போங்கள். இரண்டு மடை இருக்கிறது. மேலமடை நன்றாக இருக்கிறது. கீழமடையின் அடைப்புப் பலகை துருப்பிடித்து உடைந்திருக்கிறது, மணல் மூட்டை போட்டு அடைத்திருக்கிறார்கள். மூட்டைக்குள்ளிருந்து தண்ணீர் ராவும் பகலும் கசிகிறது. சரி, அதனால் என்ன ஆகிறது? இதை நீர் பாய்ச்சுகிறவரிடம் கேளுங்கள், தலைவரிடம் வேண்டாம். அவர் சொல்வார்: "தை பிறக்கும்வரை நிற்க வேண்டிய தண்ணி மார்கழி முதல் வாரத்திலேயே போயிடுது. கடைமடையில கதிர் பால் பிடிக்கிற நேரத்துக்குத் தண்ணி இல்லை." இப்போது காரணமும் விளைவும் கையில் இருக்கின்றன. உடைந்த மடை என்பதைவிட, கதிர் வந்த பிறகு பயிர் காய்கிறது என்பது கனமான விஷயம். விதை, உழவு, உரம், கூலி எல்லாச் செலவும் முடிந்த பிறகு வரும் இழப்பு அது.

அடுத்து, ஊரில் மனு கொடுத்தவரைத் தேடுங்கள். எந்த ஊரிலும் ஒருவர் இருப்பார், மஞ்சள் பையில் நகல்களை வைத்திருப்பார். நம் கண்மாய்க்காரர் மூன்று வருடத்தில் ஐந்து மனு கொடுத்திருக்கிறார். இரண்டு மனு திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில், மூன்று மனு ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில். கூட்டத்தில் கொடுத்த மனுக்களுக்கும் "ஒன்றிய அலுவலகத்துக்கு அனுப்பப்பட்டது" என்றே பதில் வந்திருக்கிறது.

இந்த இடத்தில்தான் நிற்க வேண்டும். தமிழ்நாட்டில் கண்மாய் யாருடையது என்பதற்கு ஓர் அளவு இருக்கிறது. கண்மாய்த் தண்ணீர் பாயும் நிலப்பரப்பான ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்கு, அதாவது ஏறக்குறைய 100 ஏக்கருக்கு மேல் இருந்தால் நீர்வளத் துறை. அதற்குக் கீழே இருந்தால் ஊராட்சி ஒன்றியம். (நீர்வளத் துறை 2021இல் பொதுப்பணித் துறையிலிருந்து பிரிந்தது. ஊரில் இன்னும் பி.டபிள்யூ.டி. என்றுதான் சொல்வார்கள்.) உங்கள் கண்மாயின் ஆயக்கட்டு எவ்வளவு? கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள கணக்கைப் பாருங்கள். நம் எடுத்துக்காட்டில் 112 ஏக்கர் என்று வருகிறது. ஹெக்டேரில் 45 சொச்சம்.

அப்படியானால் கண்மாய் நீர்வளத் துறையுடையது. ஐந்து மனுவும் மூன்று வருடமாகத் தவறான வாசலில் நின்றிருக்கின்றன. வாங்கியவர்களில் ஒருவரும் "இது எங்களுடையது இல்லை" என்று திருப்பிச் சொல்லவில்லை. செய்தி இதுதான். உடைந்த மடை அதற்குப் படம்.

உறுதி செய்யாமல் எழுதிவிடாதீர்கள். ஊர்க்காரர்கள் வாயால் சொல்லும் ஏக்கர் வேறு, பதிவேட்டில் இருப்பது வேறு. 98 ஏக்கர், 101 ஏக்கர் என்று எல்லைக்கோட்டில் நிற்கும் கண்மாய் என்றால் இரண்டு அலுவலகத்திலும் கேட்டுவிட்டுத்தான் வாய் திறக்க வேண்டும்.

சரி, அதை ஆறு வரியில் எழுதிக் காட்டுங்களேன்.

தலைப்பு வரி: கண்மாய் மடை: 3 வருடமாகத் தவறான அலுவலகத்துக்குப் போன மனுக்கள் (ஊர்ப் பெயர், வட்டம்)

"வணக்கம் சார். எங்கள் ஊர்க் கண்மாயின் கீழமடை உடைந்து, தண்ணீர் ஒரு மாதம் முன்பே வற்றுவதால் கடைமடையில் 40 ஏக்கர் நெல் இரண்டு வருடமாகக் கதிர் வந்த பிறகு காய்ந்தது. விவசாயிகள் 3 வருடத்தில் 5 மனு கொடுத்தார்கள். ஐந்தும் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில்தான் இருக்கின்றன. ஆனால் கிராமக் கணக்குப்படி ஆயக்கட்டு 112 ஏக்கர். 100 ஏக்கருக்கு மேல் என்பதால் பராமரிப்பு நீர்வளத் துறையைச் சேர்ந்தது. அக்டோபரில் மழை தொடங்குவதற்குள் மடையைச் சரிசெய்ய இன்னும் ஆறு வாரம்தான் இருக்கிறது. மனு நகல்கள், ஆயக்கட்டுக் கணக்கு, மடையின் படங்கள் கையில் உள்ளன. இரண்டு அலுவலகத்தின் பதிலையும் வாங்கி, வியாழனுக்குள் 350 சொல்லில் தர முடியும். என் நிலம் இந்த ஆயக்கட்டில் இல்லை."

இதில் "முக்கியமான பிரச்சினை", "உடனடி நடவடிக்கை தேவை" போன்ற வரி ஒன்றுகூட இல்லை. 40 ஏக்கர், ஐந்து மனு, ஆறு வாரம் என்ற மூன்றையும் பார்த்தால் முக்கியமா இல்லையா என்று அவரே முடிவு செய்துகொள்வார். கடைசி வரிக்குப் பிறகு உங்கள் பெயரும் கைப்பேசி எண்ணும் மட்டும். உங்களைப் பற்றிய அறிமுகம் முதல் வரியில் வரக் கூடாது. "நான் தமிழ் இலக்கியத்தில் முதுகலை முடித்து, சமூக அக்கறையுடன்..." என்று தொடங்கும் கடிதத்தில் கண்மாய் நாலாவது வரியில்தான் வரும். அதற்குள் தொலைபேசி அடித்துவிடும்.

எழுதிவிட்டு உரக்கப் படித்துப் பாருங்கள். முதல் இரண்டு வாக்கியத்தை மட்டும் டீக்கடையில் ஒருவரிடம் சொன்னால், "அட, அப்புறம்?" என்று கேட்க வேண்டும். "ஆமாப்பா, எல்லா ஊர்லயும் அப்படித்தான்" என்று சொன்னால் இன்னும் நிலைமையைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள்.

இது 40 ஏக்கர் விஷயம்தானே. மாவட்டம் முழுக்கப் படிக்கிறவர்களுக்கு இதில் என்ன என்று ஆசிரியர் கேட்டால்?

கேட்பார், கண்டிப்பாகக் கேட்பார். பலர் அப்போது "விவசாயம் நாட்டின் முதுகெலும்பு" என்று தொடங்குவார்கள். அது ஊரை விட்டுவிட்டு நாட்டுக்குத் தாவுவது. ஊரிலிருந்து ஒரே ஒரு படி வெளியே வந்தால் போதும்.

இந்தச் செய்தியில் அந்தப் படி எது? மனு வழி தவறுவது. பக்கத்து ஊர்க்காரருக்கு இந்த மடை வேண்டாம், ஆனால் "நம் கண்மாய் யாருடையது, நாம் கொடுத்த மனு எங்கே கிடக்கிறது?" என்ற கேள்வி அவருக்கும் உண்டு. 100 ஏக்கர் அளவு பற்றித் தெரியாத விவசாயிகள் ஏராளம். செய்தியைப் படித்துவிட்டு ஒருவர் தன் ஊர்க் கணக்கைப் போய்ப் பார்த்தால் அது மாவட்டச் செய்திதான். ஆறு வரியில் இடம் இருந்தால் இப்படி ஒரு வாக்கியம் சேர்க்கலாம்: "கண்மாய் எந்தத் துறையுடையது என்று அறியும் வழியையும் ஒரு பெட்டிச் செய்தியாகத் தருகிறேன்." பெட்டிச் செய்தி என்றால் பக்கம் வடிவமைப்பவருக்கும் பிடிக்கும்.

ஆனால் "மாவட்டம் முழுக்க இதே நிலைதான்" என்று எழுதாதீர்கள். நீங்கள் பார்த்தது ஒரு கண்மாய். பக்கத்தில் இன்னும் இரண்டைப் பார்த்து, அங்கேயும் இப்படி என்றால் "மூன்று கண்மாய்களில்" என்று எழுதுங்கள். மூன்று என்ற எண்ணை ஆசிரியர் நம்புவார். "பல" என்றால் "எவ்வளவு பல?" என்பார்.

எப்போது அனுப்பினால் எடுபடும்?

கண்மாய்ச் செய்திக்கு நாள்காட்டி உண்டு. வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் மூன்றாம் வாரத்தை ஒட்டித் தொடங்கும். தண்ணீர் நிரம்பிய பிறகு மடையில் வேலை செய்ய முடியாது. ஆகவே ஆகஸ்டு கடைசி, செப்டம்பர் முதல் பாதிதான் உங்கள் காலம். கண்மாய் காய்ந்து கிடக்கிறது, படம் தெளிவாக வரும், அதிகாரிக்கும் "செய்கிறோம்" என்று சொல்ல நேரம் இருக்கிறது. இதையே டிசம்பரில் அனுப்பினால் பயிர் காய்ந்த செய்தியாக மாறும். அதுவும் செய்திதான், ஆனால் அப்போது மாற்ற எதுவும் மிச்சமில்லை.

இன்னொரு பிடி, கிராம சபை. அக்டோபர் 2 கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பு அனுப்பினால், "இந்தக் கூட்டத்தில் விவசாயிகள் தீர்மானம் கொண்டுவரப் போகிறார்கள்" என்று ஒரு தேதி கிடைக்கும். அவர்கள் உண்மையிலேயே கொண்டுவரப் போகிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். செய்திக்காக நீங்கள் தூண்டிவிடக் கூடாது. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டமும் அப்படியொரு தேதிதான்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்க வேண்டியது இருந்தால் ஜூலையிலேயே கேட்டுவிடுங்கள். கட்டணம் 10 ரூபாய், பதிலுக்கு 30 நாள். செப்டம்பரில் விண்ணப்பித்தால் பதிலும் மழையும் ஒன்றாக வந்து சேரும்.

ஒரு நாளுக்குள் என்றால் காலை பதினொன்றிலிருந்து ஒரு மணி வரை. மாலை ஆறுக்கு மேல் பக்கம் முடிக்கிற அவசரம். அப்போது வரும் எந்த யோசனையும் தொந்தரவாகத்தான் தெரியும்.

யாருக்கு அனுப்புவது? ஆசிரியர் என்று பத்திரிகையில் பெயர் போட்டிருப்பவருக்கா?

வேண்டாம். அவருக்கு வரும் கடிதங்கள் வேறு ரகம். மாவட்டப் பக்கத்தைக் கையாளும் செய்தி ஆசிரியரோ தலைமை நிருபரோதான் உங்களுக்கு வேண்டியவர். பதிப்பு அலுவலகத்துக்குத் தொலைபேசி செய்து "உங்கள் மாவட்டப் பக்கத்தை யார் பார்க்கிறார்கள்?" என்று கேட்டால் சொல்லிவிடுவார்கள்.

உங்கள் வட்டத்தில் அந்தப் பத்திரிகைக்குப் பகுதிநேர நிருபர் ஒருவர் இருப்பார். அவரைத் தாண்டி நேரே மேலே போனால் சில ஊர்களில் மனக்கசப்பு வரும். நான் பரிந்துரைப்பது: நீங்களே எழுத விரும்பினால் மேசைக்கு அனுப்புங்கள், நிருபருக்கும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். செய்தி வந்தால் போதும், பெயர் வேண்டாம் என்றால் நேரே நிருபரிடமே கொடுங்கள். வேலை விரைவாக முடியும்.

ஒரே நேரத்தில் நாலு பத்திரிகைக்கும் அனுப்பலாமா?

மனு என்றால் அனுப்பலாம். எழுதித் தருகிறேன் என்று சொல்லும் யோசனையை அனுப்பக் கூடாது. இரண்டு மேசையும் சரி என்று சொல்லிவிட்டால் ஒருவரிடம் நீங்கள் பொய்யராக வேண்டும். ஒருவருக்கு அனுப்பி மூன்று நாள் பாருங்கள், ஒரு தடவை நினைவூட்டுங்கள், பிறகு "வேறு இடத்தில் கேட்டுப் பார்க்கிறேன் சார்" என்று ஒரு வரி போட்டுவிட்டு அடுத்தவரிடம் போங்கள்.

ஆதாரத்தை எல்லாம் சேர்த்து அனுப்ப வேண்டுமா?

ஒரு படம் மட்டும் அனுப்புங்கள். மடையும் மணல் மூட்டையும் தெரிகிற படம். அளவு புரிய ஓர் ஆள் பக்கத்தில் நின்றால் இன்னும் நல்லது. மற்றவை கையில் இருக்கின்றன என்று சொன்னால் போதும், கேட்டால் உடனே அனுப்ப வேண்டும். இருபது படம், மூன்று காணொளி, மங்கலான மனு நகல் எல்லாம் வாட்ஸ்அப்பில் வரிசையாக வந்து விழுந்தால் உங்கள் ஆறு வரி மேலே எங்கோ மறைந்துவிடும். மனு கொடுத்தவரின் முகவரியும் கைப்பேசி எண்ணும் நகலில் இருக்கும், மறைத்துவிட்டு அனுப்புங்கள்.

அதிகாரிகளிடம் பேசிவிட்டுத்தான் ஆசிரியரிடம் சொல்ல வேண்டுமா?

முழுப் பேட்டி தேவையில்லை. ஆனால் செய்தியே பொய்யாகிவிடக்கூடிய ஒரு கேள்வியை மட்டும் முன்பே கேட்டுவிடுங்கள். நம் கண்மாயில் அந்தக் கேள்வி: "இந்தக் கண்மாய் உங்கள் பட்டியலில் இருக்கிறதா?" நீர்வளத் துறைப் பிரிவு அலுவலகத்தில் உதவிப் பொறியாளர் இருப்பார். "இருக்கிறது, மதிப்பீடு அனுப்பிவிட்டோம், நிதிக்குக் காத்திருக்கிறோம்" என்று அவர் சொன்னால் உங்கள் செய்தி மாறிவிட்டது. மனு தவறான இடத்துக்குப் போனது உண்மை, ஆனால் வேலை வேறு வழியில் நகர்கிறது. அப்போது இரண்டாவது வரியைத் திருத்தி எழுத வேண்டும்.

ஒரு தடவை இந்தக் கேள்வியைக் கேட்காமல் நானே ஒரு செய்தியை அனுமதித்தேன். பாலம் கட்டவில்லை என்று போட்டோம். காலையில் வாசகர் ஒருவர் ஒப்பந்தப் பலகையின் படத்தை அனுப்பினார். வேலை அதற்கு முந்தைய வாரமே தொடங்கியிருந்தது. நிருபரைத் திட்டிப் பயனில்லை, கேட்க வேண்டியவன் நான்.

என் நிலமே அந்தக் கடைமடையில்தான் இருக்கிறது. அதைச் சொன்னால் தள்ளிவிட மாட்டார்களா?

சொல்லுங்கள். "என் இரண்டு ஏக்கரும் இதில் உண்டு" என்று ஒரே வரி. பெரும்பாலும் ஆசிரியர் என்ன செய்வார் என்றால், நிருபரை அனுப்பி எழுதச் சொல்வார், உங்களை விவசாயியாகச் செய்தியில் பேச வைப்பார். உங்கள் பெயரில் கட்டுரை வராது, செய்தி வரும். மறைத்துவிட்டு, வெளியான பிறகு மேலமடைக்காரர் ஒருவர் தொலைபேசியில் சொல்லித் தெரிந்தால் அடுத்த தடவை உங்கள் ஆறு வரியை யாரும் திறக்க மாட்டார்கள்.

"இது ஏற்கெனவே வந்த செய்திதான்" என்று பதில் வந்தது. அவ்வளவுதானா?

வந்தது என்ன என்று தேடிப் பாருங்கள். பெரும்பாலும் "கண்மாய் மடை சேதம், விவசாயிகள் கோரிக்கை" என்று நாலு வரி வந்திருக்கும். அதைச் சாதகமாக்கிக்கொள்ளலாம்: "சார், சென்ற வருடம் நம் பக்கத்தில் மடை சேதம் என்று வந்தது. அதற்குப் பிறகும் மடை அப்படியே இருக்கிறது. ஏன் என்பதற்கான காரணம்தான் இப்போது கிடைத்திருக்கிறது. மனுக்கள் போனது வேறு அலுவலகத்துக்கு." தன் பத்திரிகை போட்ட செய்திக்குத் தொடர்ச்சி என்றால் எந்த ஆசிரியருக்கும் கொஞ்சம் ஆர்வம் வரும்.

பதிலே வராவிட்டால் ஒரு நினைவூட்டல் போதும். அதில் "பார்த்தீர்களா சார்?" என்று மட்டும் கேட்காதீர்கள். புதிதாக ஒன்று சேருங்கள்: "நேற்று உதவிப் பொறியாளரிடம் பேசினேன், கண்மாய் தங்கள் பட்டியலில் இருப்பதாக ஒப்புக்கொண்டார்."

இதற்குப் பணம் தருவார்களா?

தமிழ் நாளிதழ்களின் மாவட்டப் பக்கத்தில் வெளியாட்களுக்குப் பெரும்பாலும் கிடையாது. தந்தாலும் போக்குவரத்துச் செலவுக்குத்தான் காணும். ஞாயிறு இணைப்பு, வார இதழ் என்றால் கேட்கலாம். ஆறு வரியில் கேட்காதீர்கள். ஆசிரியர் "சரி, எழுதுங்க" என்று சொன்னதும், எழுதத் தொடங்குவதற்கு முன்னால் கேளுங்கள். அதே அழைப்பில் எத்தனை சொல், எந்த நாள், பெயர் போடுவார்களா என்ற மூன்றையும் கேட்டுவிடுங்கள்.